பெயர் மாறுகிறது, என் கணக்கு என்னாகும்?

2011 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கு நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் ஒரு கடிதம் எழுதினார். இன்று நெட்ஃபிளிக்ஸ் என்றால் கைப்பேசியிலோ டிவியிலோ படம் பார்ப்பது. அன்று அமெரிக்கர்கள் பலருக்கு அது வீட்டுத் தபால்பெட்டியில் வந்து விழும் சிவப்பு உறை. உள்ளே ஒரு டிவிடி இருக்கும். பார்த்து முடித்து அதைத் திருப்பி அனுப்பினால், தங்கள் பட்டியலில் அடுத்ததாகக் குறித்துவைத்த படம் வந்துசேரும். இணையத்தில் நேரடியாகப் பார்க்கும் வசதியும் அந்தச் சந்தாவிலேயே அடக்கம். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 9.99 டாலர். அந்த ஆண்டு ஜூலையில் நிறுவனம் இரண்டையும் பிரித்துத் தலா 7.99 டாலர் ஆக்கியது. இரண்டும் வேண்டும் என்றிருந்தவர்களுக்கு ஒரே அடியில் 60 சதவீத விலையேற்றம். ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள்.

அந்தக் கொதிப்பை ஆற்றத்தான் செப்டம்பர் கடிதம். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. தப்பு செய்துவிட்டேன், உங்களுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் தொடங்கினார் ஹேஸ்டிங்ஸ். ஆனால் விளக்கம் எங்கே போனது என்று பாருங்கள். ஒரு துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனங்கள் காலம் மாறும்போது கோட்டைவிடுவது பற்றிப் பேசினார். ஏஓஎல் நிறுவனத்தையும் பார்டர்ஸ் புத்தகக் கடைகளையும் உதாரணம் காட்டினார். டிவிடி ஒரு தொழில், இணையத்தில் படம் காட்டுவது வேறு தொழில், இரண்டுக்கும் செலவுக் கணக்கு வேறு என்றார். பிறகு, டிவிடி பிரிவுக்கு இனி ‘குவிக்ஸ்டர்’ என்று பெயர் என அறிவித்தார்.

படிக்கிறவருக்கு வேண்டிய சேதி அதற்கும் கீழே இருந்தது. இனி இரண்டு இணையதளங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. இரண்டும் வைத்திருப்பவர் முகவரியையோ கடன் அட்டையையோ மாற்ற வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றில் ஒரு படத்துக்குக் கொடுத்த மதிப்பெண் மற்றதில் தெரியாது. அட்டைக் கணக்கில் இரண்டு வரியாகப் பணம் கழியும். சிவப்பு உறை தொடரும், ஆனால் அதன்மேல் குவிக்ஸ்டர் என்ற பெயர் இருக்கும். அந்தப் புதுச் சின்னம் தனக்கும் போகப்போகப் பழகிவிடும் என்றாலும் இப்போதைக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று ஹேஸ்டிங்ஸ் எழுதியதுதான் இதில் விசேஷம். தலைவர் உறையை நினைத்து வருந்துகிறார். சந்தாதாரரோ, பல வருஷமாகச் சேர்த்துவைத்த தன் படப் பட்டியல் என்னாகும் என்று கவலைப்படுகிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது ஒரே மாற்றத்தைப் பற்றித்தான். ஆனால் ஒருவர் கவலை மற்றவர் கண்ணில் படவே இல்லை.

ஏறக்குறைய மூன்று வாரம். அக்டோபர் 10 அன்று குவிக்ஸ்டர் கைவிடப்பட்டது. கைவிடுவதாகச் சொன்ன இரண்டாவது அறிவிப்பு, முதல் கடிதத்தோடு ஒப்பிட்டால் துக்கடா. இரண்டு தளம் வைத்தால் உங்களுக்குச் சிரமம் என்று தெரிகிறது, அதனால் ஒரே தளம், ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், ஆக, குவிக்ஸ்டர் கிடையாது. சாரம் இவ்வளவுதான். முதல் கடிதத்தில் கீழே புதைந்து கிடந்த தளமும் கணக்கும் இதில் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டன. அந்தக் காலாண்டில் அமெரிக்கச் சந்தாதாரர்கள் எண்ணிக்கை 2.46 கோடியிலிருந்து 2.38 கோடிக்கு இறங்கியிருந்தது. பழி முழுவதையும் கடிதத்தின் தலையில் போட முடியாது. பெரும்பங்கு ஜூலை விலையேற்றத்துக்கே. ஆனால் ஏற்கெனவே கோபமாக இருந்தவர்களிடம் எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம்.

பெயர் மாற்ற அறிவிப்புகளில் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் எழுதப்படுகின்றன: நாங்கள் யோசித்தோம், உலகம் மாறுகிறது, இதோ எங்கள் புதுப் பெயர், இதோ அதன் பொருள், கடைசியாக நீங்கள் செய்ய வேண்டியவை. நிறுவனத்துக்குள் நடந்த வரிசையும் அதுதான் என்பதால் எழுதுகிறவருக்கு அது இயல்பாகப் படுகிறது. பழைய வாடிக்கையாளர் தலைகீழாகப் படிக்கிறார். என் பணம், என் பொருள், என் கணக்கு, எனக்குத் தெரிந்த ஆள் என்று தன்னுடையதைத் தேடிக்கொண்டே கீழே இறங்குகிறார். கிடைக்கும்வரை அவர் மனசு மற்ற எதையும் வாங்கிக்கொள்ளாது. ஆகவே அறிவிப்பைத் திருத்தி எழுதுவது என்றால் வார்த்தையை இனிப்பாக்குவது அல்ல. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

அப்படித் திருப்பிப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. குவிக்ஸ்டர் கடிதத்தை வாடிக்கையாளரின் வரிசைப்படி எழுதியிருந்தால், முதல் பத்தியே ‘இனி உங்களுக்கு இரண்டு தளம், இரண்டு பட்டியல், இரண்டு கட்டணம், பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது’ என்று ஆரம்பித்து அங்கேயே முட்டி நின்றிருக்கும். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கூடுதல் காசுக்கு வீடியோ விளையாட்டு என்ற வசதியைத் தவிர. எழுத்தில் கோளாறு இல்லை, முடிவிலேயே கோளாறு என்பது கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

*

வங்கிகளுக்கு இந்த வரிசை ஓரளவு கைவந்த கலை. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் பூசி மெழுகினால் மறுநாள் காலை கிளை வாசலில் கூட்டம் நிற்கும் என்ற பயம் ஒரு காரணம்.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதை தமிழ்நாட்டில் பலருக்கு நேரடி அனுபவம். 2020 நவம்பர் 17 அன்று ரிசர்வ் வங்கியின் யோசனைப்படி மத்திய அரசு அதன்மேல் தடை விதித்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலை. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு அது இணைக்கப்பட்டது. மூன்று தலைமுறையாக ஊர்ப் பெயர்போலப் புழங்கிய வங்கி பத்து நாளில் வெளிநாட்டு வங்கியாகிவிட்டது. இதைவிடப் பதற்றமான வாடிக்கையாளர் கூட்டம் அமைவது அபூர்வம்.

அப்போது டிபிஎஸ் சொன்னவற்றை வரிசையாக எடுத்துப்பார்த்தால் எழுதியவரின் கைத்திறன் தெரியும். தடை நீங்கிவிட்டது. கிளைகள், ஏடிஎம்கள், இணையச் சேவை எல்லாம் வழக்கம்போல் இயங்கும். சேமிப்புக் கணக்குக்கும் வைப்புத்தொகைக்கும் லட்சுமி விலாஸ் வங்கி கொடுத்த வட்டி விகிதமே, மறு அறிவிப்பு வரும்வரை, தொடரும். ஊழியர்கள் அனைவரும் அதே நிபந்தனைகளோடு பணியில் நீடிப்பார்கள். பணம், கிளை, வட்டி, மனிதர்கள். இதே வரிசையில்தான் கரூரிலோ நாமக்கல்லிலோ ஒரு வைப்புதாரரின் மனசு அன்று ஓடியிருக்கும்.

‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்ற இரண்டு மூன்று சொற்கள் கவனிக்கத்தக்கவை. வட்டி ஒருபோதும் மாறாது என்று எந்த வங்கியும் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய். உறுதியை எந்த அளவுக்குக் கொடுக்க முடியுமோ அந்த அளவோடு நிறுத்தி, எல்லையையும் அதே வரியில் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, வாடிக்கையாளர் செய்ய வேண்டிய வேலை எதையும் முதல் நாள் தலையில் ஏற்றவில்லை. கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறுவதெல்லாம் பிறகு, தனி அறிவிப்பாக, பழைய குறியீடு 2022 பிப்ரவரி 28 வரை செல்லும் என்று தேதி குறித்து வந்தது. பயந்திருப்பவரிடம் முதலில் பயத்தைப் போக்க வேண்டும், படிவத்தைப் பிறகு நீட்டலாம். (பங்கு வைத்திருந்தவர்களுக்கு எந்த ஆறுதலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் முதலீடு முழுவதும் அழிக்கப்பட்டது. வைப்புதாரருக்குச் சொல்லும் கடிதமும் பங்குதாரருக்குச் சொல்லும் கடிதமும் ஒன்றாக இருக்கவே முடியாது.)

யுடிஐ வங்கி 2007 ஜூலை 30 அன்று ஆக்சிஸ் வங்கி ஆனபோது நெருக்கடி எதுவும் இல்லை. அந்தப் பெயர் வங்கிக்கே உரியதல்ல, தொடர்பில்லாத வேறு நிறுவனங்களும் அதே பெயரில் இருந்தன, பெயரைப் பயன்படுத்த இருந்த அனுமதிக்கும் கெடு இருந்தது. அதனால் மாற்றியே தீர வேண்டியிருந்தது. விளம்பரத்தில் இரட்டையர்களைக் காட்டி, பெயரைத் தவிர எல்லாம் அதேதான் என்ற ஒரே சேதியைச் சொன்னார்கள். புதுப் பெயருக்கு என்ன பொருள், சின்னம் எதைக் குறிக்கிறது என்ற வியாக்கியானத்துக்கு அங்கே இடமில்லை. புதுப் பெயரை அறிமுகம் செய்யும் விளம்பரத்தில் பழையதைப் பற்றியே பேசுவதற்கு விளம்பரக்காரர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். பல லட்சம் செலவு செய்து வாங்கிய புதுச் சின்னத்தின் பெருமையை யாரும் பேசவில்லையே என்று முதலாளிக்கும் மனத்தாங்கல் இருக்கும்.

*

பெரிய நிறுவனங்களை விட்டுக் கடைத்தெருவுக்கு வருவோம். கும்பகோணத்தில் நாற்பது வருஷமாக ஒரு காபித்தூள் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தாத்தா பெயரில் நடந்த கடை. பேரன் பொட்டலம் போட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்ப நினைக்கிறார். அதே பெயரை வேறு ஊரில் வேறு ஒருவர் ஏற்கெனவே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். ஆகவே பெயரை மாற்ற வேண்டியிருக்கிறது. அச்சகத்தில் யாரோ எழுதிக்கொடுத்த அறிவிப்பு இப்படி இருக்கும்:

‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! நாற்பது ஆண்டுப் பாரம்பரியம் இப்போது புதிய பரிமாணத்தில்! மாறிவரும் காலத்திற்கேற்ப, மேலும் தரமான, மேலும் சுவையான காபி அனுபவத்தை உங்களுக்கு வழங்கும் நோக்கில், எங்கள் நிறுவனம் புத்தம்புதிய பெயருடனும் பொலிவுடனும் விரைவில் உங்களைச் சந்திக்க வருகிறது. இந்தப் புதிய பயணத்தில் தங்கள் நல்லாதரவைத் தொடர்ந்து வேண்டுகிறோம்.’

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நோட்டீஸ் வாங்காத கை இருக்க முடியாது. தப்பாக எதுவும் எழுதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் முப்பது வருஷமாக அங்கே தூள் வாங்கும் ஒருவர் இதை எப்படிப் படிப்பார்? ‘மேலும் தரமான’ என்றால் இதுவரை கொடுத்தது தரம் குறைந்ததா, அல்லது தூளில் ஏதோ மாற்றப் போகிறார்களா? ‘மேலும் சுவையான’ என்பது அவருக்கு நல்ல சேதியே அல்ல. பழைய சுவைக்காகத்தான் அவர் நான்கு கடை தாண்டி இங்கே வருகிறார். ‘எங்கள் நிறுவனம்’ என்பது யார்? கடை எப்போது நிறுவனம் ஆனது? ‘விரைவில் சந்திக்க வருகிறது’ என்றால் இப்போது மூடுகிறார்களா? முழு அறிவிப்பிலும் புதுப் பெயர் இல்லை, தேதி இல்லை, காரணம் இல்லை. இருப்பவை ஐந்தாறு நல்ல சொற்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகின்றன.

இதைத் திருத்த உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை கல்லாவில் இருக்கிறது. பெயர் மாறப்போகிறது என்று நம்பிக்கையான சில வாடிக்கையாளர்களிடம் வாய்மொழியாகச் சொல்லி, அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். “ஏன் தம்பி, கடையைக் கைமாத்திட்டீங்களா?” என்பது அநேகமாக முதல் கேள்வியாக இருக்கும். “எங்க வீட்டுக் கலவை நோட்டுல இருக்குமில்ல?” என்பது அடுத்தது. பீபெரி எத்தனை பங்கு, பிளாண்டேஷன் எத்தனை பங்கு, சிக்கரி எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு, அது கடையின் பழைய நோட்டில்தான் எழுதியிருக்கும். “வறுக்கிறவர் அதே ஆள்தானே?” “பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேனே, அந்த ரசீது செல்லுமா?” “ஜிபேல வேற பேர் காட்டுது, அனுப்பலாமா?” இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட புதுப் பெயரைப் பற்றியது அல்ல என்பதைப் பேரன் மனசு ஒப்பி ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருத்திய அறிவிப்பு இப்படி வரலாம்:

‘வணக்கம். அக்டோபர் 1 முதல் நம் கடையின் பெயர் மாறுகிறது. பழைய பெயரும் புதுப் பெயரும் மேலே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கடையை யாருக்கும் விற்கவில்லை. அதே குடும்பம், அதே இடம், அதே ஆட்கள், அதே தொலைபேசி எண்.

கொட்டை வாங்கும் இடமும் வறுக்கும் பதமும் மாறவில்லை. உங்கள் வீட்டுக் கலவை எங்கள் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. வழக்கம்போல் பெயரைச் சொன்னால் போதும்.

பெயர்ப்பலகையும் பொட்டலத்தின் நிறமும் மாறும். கொட்டை விலை ஏறியிருப்பதால் அதே நாளிலிருந்து கிலோவுக்கு 40 ரூபாய் கூடும். விசேஷங்களுக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலையே, பழைய ரசீதே செல்லும்.

நம் பெயரை வேறு ஊரில் வேறு ஒருவர் முன்பே பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பெயரில் பொட்டலம் போட்டு வெளியூர் அனுப்ப முடியாது. அதனால்தான் மாற்றுகிறோம்.

கைப்பேசியில் பணம் அனுப்பும்போது திரையில் புதுப் பெயர் வரும். அது நாங்கள்தான். பெயர் மாற்றத்துக்காக யாரும் உங்களிடம் ஓடிபியோ வங்கி விவரமோ கேட்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் காலை 9 முதல் 1 வரை கடைக்குப் பேசுங்கள்.’

இதில் அலங்காரம் கிடையாது. ‘பாரம்பரியம்’ என்ற சொல்லும் இல்லை. நாற்பது வருஷம் வாங்கியவருக்கு நாற்பது வருஷம் ஆனது தெரியும். முன்னதைவிட நீளம் கூடியிருக்கிறது, அதனால் தப்பில்லை. சுருக்கமாக எழுத வேண்டும் என்ற பொதுப் புத்திமதி இந்த இடத்தில் செல்லாது. கேள்வி மிச்சம் வைக்கும் இரண்டு வரியைவிட, பதில் சொல்லும் இருபது வரி மேல்.

விலையேற்றத்தை இதே கடிதத்தில் எழுதியிருப்பது சிலருக்கு உறுத்தலாம். உறுத்த வேண்டியதுதான். முடிந்தால் விலையை மூன்று மாதம் முன்போ பின்போ தள்ளிவைத்துப் பெயர் மாற்றத்தைத் தனியாக நடத்துவதே நல்லது. நெட்ஃபிளிக்ஸ் பட்ட அவஸ்தையின் வேர் அங்கேதான் இருந்தது. விலையேற்றத்தின் சூடு ஆறும் முன் பெயரையும் மாற்றப்போய், இரண்டும் ஒரே சதியின் இரண்டு பாதிகள்போல ஆகிவிட்டன. தள்ளிவைக்க முடியாது என்றால் மறைக்கக் கூடாது. கடிதத்தில் ‘எதுவும் மாறவில்லை’ என்று படித்துவிட்டுக் கல்லாவில் 40 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர், நோட்டு பத்திரமாக இருக்கிறது என்பதையும் நம்ப மாட்டார். ஒரு வரி பொய்யானால் பக்கத்து வரிகளும் சேர்ந்து சாயும்.

இதே காரணத்தால் ‘பதம் மாறவில்லை’ என்ற வரியை எழுதுமுன் வறுக்கும் இடத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். பழைய இயந்திரத்தை மாற்றிப் பெரியது வாங்கியிருந்தால், கொட்டையும் ஆளும் அதேதான் என்றாலும், முதல் சில வாரம் வறுவல் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அப்போது ‘புது இயந்திரத்தில் வறுக்கிறோம், வித்தியாசம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்’ என்று எழுதுவதே முறை. உறுதிமொழியை வாடிக்கையாளரே சரிபார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ‘பழைய பொட்டலத்தையும் புதுப் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண்கள் அதேதான்’ என்று ஒரு வரி சேர்த்தால், ‘அதே தரம்’ என்று பத்து முறை எழுதுவதைவிட அது பேசும்.

காரணத்தைச் சொல்லும் வரி நடுவில் வருவதையும் பார்க்கலாம். காரணம் அவசியம், காரணம் சொல்லாத இடத்தில் ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அது அண்ணன் தம்பி சண்டையிலிருந்து கடன் தொல்லைவரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் தன் நோட்டு இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் படிப்பவருக்குக் காரணம் கேட்கப் பொறுமை வரும். அந்தக் காரணமும் உண்மையானதாக, கொஞ்சம் சலிப்பூட்டுவதாகவே இருக்கலாம். வணிகச் சின்னப் பதிவு என்பது சுவாரசியமான சேதி இல்லை. அதனாலேயே நம்பும்படி இருக்கிறது. ‘உங்கள் நலனுக்காக’ என்று ஆரம்பிக்கும் காரணத்தை யாரும் நம்புவதில்லை.

எழுதி முடித்ததும் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பெயர் மாற்றம் பற்றி எதுவும் தெரியாத, அறுபது வயது தாண்டிய ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வீட்டில் போய் என்ன சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். “பேரு மட்டும்தான் மாறுதாம், நம்ம தூள் அதேதானாம், விலை கொஞ்சம் ஏத்திட்டாங்க” என்று சொன்னால் கடிதம் தேறிவிட்டது. “என்னமோ பெரிசா பண்றாங்களாம்” என்றால் மறுபடி உட்கார வேண்டும். இன்னும் “வித்துட்டாங்களா?” என்று கேட்டால், விற்கவில்லை என்ற வரி போதிய அளவு மேலே இல்லை என்று பொருள்.

*

கடிதம் எட்டாத இடமும் உண்டு. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு தன் அட்டைப்பெட்டியை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் போய், ஒரு கண்ணாடிக் குவளைச் சாறு வந்தது. பெயர் மாறவில்லை, சாறும் மாறவில்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பிப்ரவரி கடைசியில் பழைய பெட்டிக்கே திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. அவசரமாகத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறவர் அலமாரியில் பெட்டியைப் பெயர் படித்து எடுப்பதில்லை, பார்த்ததும் கை போகிறது. படம் இல்லாத இடத்தில் கை போகாது. அவருக்கு எவ்வளவு அருமையான கடிதம் எழுதினாலும் அலமாரி முன்னால் அது உதவாது.

நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்த விஷயம். புதுப் பெயர்ப்பலகையில் சின்ன எழுத்தில் ‘முன்பு’ என்று போட்டுப் பழைய பெயரை எழுதுவார்கள். ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்ற பலகையும் அதே ஜாதிதான், வந்த இடம் சரியான இடம்தான் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறது. நம் காபிக் கடைக்கும் கடிதத்தின் முக்கியமான வரி பொட்டலத்திலேயே ஏற வேண்டும். பழைய பெயர் பொட்டலத்தில் ஆறு மாதமாவது கூடவே இருக்கட்டும். நிறத்தை மாற்றினாலும் எண்பதுக்கு இருபது கலவைக்குப் போடும் வரியோ முத்திரையோ இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வேறு ஒருவர் பதிவுசெய்த பெயரை எந்த அளவுக்கு, எவ்வளவு காலம் அச்சிடலாம் என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இங்கே ஆசைக்கும் சட்டத்துக்கும் உரசல் வரும். வெளியூர்ப் பொட்டலத்தில் போட முடியாது என்றாலும், உள்ளூர்க் கடை வாசலிலும் தொலைபேசியை எடுத்துப் பேசும்போதும் என்ன சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கடிதத்தை முதலில் படிக்க வேண்டியவர்கள் கல்லாவிலும் தராசிலும் நிற்பவர்கள். வாடிக்கையாளர் தாளைப் படித்துவிட்டு அவர்களிடம்தான் வந்து கேட்பார். “எனக்கே இப்பத்தான் தெரியும் சார்” என்று தராசுக்காரர் சொன்னால் அத்தனை வரிகளும் வீண். அவர்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்விகளையும் வாங்கிக் கடிதத்தில் சேர்த்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம்.

எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் கையைக் கட்டிப்போடும் கணக்கு ஒன்று உண்டு. தமிழில் ஒரு குறுஞ்செய்தி 70 குறியீடுகளோடு முடிந்துவிடும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் உண்மையில் கிடைப்பது நாற்பது சொச்சம் எழுத்து. ‘அக்.1 முதல் புதுப் பெயர். அதே கடை, அதே தூள், அதே ஆட்கள்.’ என்பதற்கே 56 போய்விடும். பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்தால் இரண்டு செய்தியாகக் காசு பிடிப்பார்கள். பிடிக்கட்டும், பெயரைச் சுருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், யார் அனுப்பியது என்று மேலே தெரியும் குறியீடு. வணிகச் செய்திகளுக்கு அதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். புதுப் பெயருக்குப் புதுக் குறியீடு வாங்கிய உற்சாகத்தில் பெயர் மாற்றச் செய்தியையே அதிலிருந்து அனுப்பிவிடுவது வழக்கமாக நடக்கும் தப்பு. முன்பின் தெரியாத பெயரிலிருந்து ‘எங்கள் பெயர் மாறிவிட்டது’ என்று வரும் செய்தியை மோசடி என்று நினைத்து அழித்துவிடுபவரைக் குறைசொல்ல முடியாது. அந்த ஒரு செய்தியை மட்டுமாவது, பழைய குறியீடு உயிரோடு இருக்கும்போதே, பழைய பெயரிலிருந்தே அனுப்பிவிட வேண்டும்.